புது கிளையன்ட் பிடிக்க இன்ஃப்ளூயன்சருக்குக் குடுக்கலாமா, பழைய கிளையன்ட்டுக்கே குடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். ஒரு சின்ன ஊர்ல நாலு சேர் போட்டு லேடீஸ் சலூன் நடத்துறேன், ரெகுலரா வர்றவங்க 300 பேர் இருப்பாங்க. 40,000 ஃபாலோயர்ஸ் இருக்கிற ஒரு இன்ஃப்ளூயன்சர், ஒரு ரீல் ரெண்டு ஸ்டோரி போடுறதுக்கு எங்க சராசரி பில்லுல 20 பில் அளவுக்குப் பணமும், ஃப்ரீயா ஹேர் கலரிங்கும் கேக்குறாங்க. என் பார்ட்னர் அந்தக் காசை பழைய கிளையன்ட்ஸுக்கு ரெஃபரல் ஆஃபரா குடுப்போம், கூட்டிட்டு வர்றவங்களுக்கும் புதுசா வர்றவங்களுக்கும் 20% தள்ளுபடின்னு சொல்றாங்க. எதுல புது ஆளுங்க வருவாங்க?

பதில்: வணக்கம்ங்க. இப்ப அவங்க கேக்குற மாதிரியே ஒத்துக்காதீங்க, அதே சமயம் உங்க பார்ட்னர் சொல்ற 20% + 20%யும் அப்படியே போட்டுடாதீங்க. ரெண்டுலயும் பணம் எங்க ஓட்டையாகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம். உங்க கேள்வியிலயே பில் கணக்குல சொல்லியிருக்கிறது ரொம்ப வசதியா இருக்கு, நானும் அதே அளவுலயே போறேன், ஒரு சராசரி பில்லை ஒண்ணுன்னு வெச்சுக்குவோம்.

மொதல்ல ஒரு பில்லுல உங்களுக்கு எவ்வளவு நிக்குதுன்னு தெரியணும். ப்ராடக்ட் செலவு, ஸ்டைலிஸ்ட்டுக்குப் போற இன்சென்டிவ் ரெண்டும் சேர்த்து 40% போகுதுன்னு எடுத்துக்கிறேன், உங்க ஸ்டாக் நோட்டைப் பார்த்து சரி பண்ணிக்கோங்க. வாடகை, கரென்ட், மாச சம்பளம் இதெல்லாம் புது ஆள் வந்தாலும் வராட்டியும் போற செலவு, அதனால இதுல சேர்க்க வேண்டாம். ஆக ஒரு பில்லுக்கு 0.6 நிக்குது. இன்ஃப்ளூயன்சர் கோட் சொல்லி வர்றவங்களுக்கு 20% குறைச்சீங்கன்னா மொத விசிட்ல நிக்கிறது 0.4 தான். செலவு பக்கம் 20 பில் பணம், அதோட அந்த கலரிங்குக்குப் போற ப்ராடக்ட்டும் சில மணி நேரம் அந்த சேர் வேற யாருக்கும் கிடைக்காம இருக்கிறதும் சேர்த்து ஒரு 2 பில், மொத்தம் 22. ஃப்ரீ சர்வீஸ் தானே, அதுல என்ன செலவுன்னு நிறைய பேர் அதைக் கணக்குலயே எழுதுறதில்ல, அதுவும் கூட்டம் இருக்கிற நாள்ல அவங்க வந்து உக்காந்தா அந்த 2 பில் இன்னும் ஏறிடும்.

மொத விசிட்டை மட்டும் வெச்சு 22 பில்லை எடுக்கணும்னா 55 புது ஆளுங்க வரணும், அது நடக்காது. அதனால தான் திரும்ப வர்றவங்க எத்தனை பேர்ங்கிறது தான் முக்கியம். திரும்பி வந்து ரெகுலர் ஆகுற ஒருத்தங்க அடுத்த ஒரு வருஷத்துல இன்னும் அஞ்சு தடவை வர்றாங்கன்னு வெச்சா அவங்க மூலமா 5 × 0.6, அதாவது 3 பில் நிக்கும். ஆஃபர் பார்த்து வந்த 10 பேர்ல 2 பேர் அப்படி ஆனாங்கன்னா, புதுசா வர்ற ஒருத்தருக்கு சராசரியா 0.4 + 0.6 = 1 பில். கணக்கு சுலபமா போச்சு, 22 பேர் வந்தா போட்ட காசு வரும்.

சரி, 22 பேர் வருவாங்களா? இங்க தான் 40,000ங்கிற நம்பர் கண்ணை மறைக்குது. ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை உங்களுக்கு எதுக்கும் உதவாது, உங்களுக்கு வேண்டியது உங்க ஊர்ல இருந்து, உங்க கடைக்கு வரக்கூடிய தூரத்துல இருந்து பார்க்கிறவங்க எத்தனை பேர்ங்கிறது மட்டும் தான். இதை அந்தப் பொண்ணுகிட்டயே கேக்கலாம், தப்பே இல்ல, இதை ஒரு வேலையா பண்றவங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இன்ஸ்டாகிராம்ல ப்ரொஃபஷனல் அக்கவுன்ட் வெச்சிருந்தா Insights உள்ள ஃபாலோயர்ஸ் பத்தின பக்கத்துல Top locations-னு இருக்கும், அதுல எந்த ஊர்ல இருந்து எத்தனை சதவீதம்னு காட்டும். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஸ்க்ரீன்ஷாட்டை எடிட் பண்றது ரொம்ப ஈஸி. அதுகூடவே கடைசியா போட்ட பத்து ரீலோட ரீச்சையும் கேளுங்க, அந்தப் பத்தையும் சின்னதுல இருந்து பெருசுக்கு வரிசைப்படுத்தி நடுவுல இருக்கிறதை எடுத்துக்கோங்க, ஏன்னா ஒரே ஒரு ரீல் எக்குத்தப்பா ஓடியிருந்தா சராசரி பொய் சொல்லும்.

அப்படிக் கேட்டு நடு ரீச் 12,000ன்னு வருதுன்னு வெச்சுக்கலாம், உங்க ஊர் பங்கு 20%. அப்ப ஊருக்குள்ள பார்க்கிறவங்க 2,400. அதுல ஆம்பளைங்க, ஸ்கூல் பசங்க, ஏற்கனவே உங்ககிட்ட வர்றவங்க இவங்களை எல்லாம் கழிச்சா பாதி, 1,200. பார்த்தவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர் நேர்ல வந்தாங்கன்னா (நான் தாராளமா தான் சொல்றேன்) 12 பேர். 12 பேருக்கு 12 பில் வரும், செலவு 22, பத்து பில் கையை விட்டுப் போகும். ரீல் வைரல் ஆனா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. வைரல் ஆகும்போது ரீல் ஃபாலோ பண்ணாதவங்ககிட்ட தான் அதிகமா போகும், அவங்க எந்த ஊர்ல வேணா இருப்பாங்க, ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் உங்க நாலு சேருக்கு வர முடிஞ்சவங்க அதே ஆயிரத்து சொச்சம் பேரா இருக்கலாம். ஊருக்குள்ள நடக்கிற தொழிலுக்கு ரீலை விட ஸ்டோரி பிரயோஜனம், ஏன்னா ஸ்டோரியைப் பார்க்கிறது பெரும்பாலும் அவங்களைத் தெரிஞ்சு ஃபாலோ பண்றவங்க, அதுல புக்கிங் லிங்க்கும் ஒட்டலாம். ஆனா இந்த பேக்கேஜ்ல காசு எல்லாம் ரீலுக்குத் தான் போகுதுன்னு நினைக்கிறேன்.

இப்ப பார்ட்னர் சொல்றதுக்கு வருவோம். ரெஃபரல்ல ஒரு பெரிய நல்ல விஷயம், யாரும் வரலைன்னா செலவும் கிட்டத்தட்ட இல்ல, கார்டு அடிக்கிற காசு தான், அதை 1 பில்னு வைங்க. 300 பேர் இருந்தாலும் மூணு மாசத்துல சரியான நேரத்துல சரியா கேக்கப்படுறவங்க பாதி, 150 பேர் இருப்பாங்க. அதுல பத்துக்கு ஒருத்தர் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தா 15 பேர். ஒவ்வொருத்தருக்கும் புதுசா வந்தவங்களுக்கு 0.2, கூட்டிட்டு வந்தவங்களுக்கு 0.2 போகும், மொத விசிட்ல 0.2 மட்டும் நிக்கும், இன்ஃப்ளூயன்சர் வழியா வர்றவங்களை விடக் கம்மி. ஆனா தோழி சொல்லி வந்தவங்க திரும்பி வர்றது அதிகம், நான் பார்த்த வரைக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதனால பத்துல 4 பேர்னு போட்டிருக்கேன். 0.2 + 1.2 = 1.4 பில். 15 பேருக்கு 21, கார்டு செலவு போக 20 பில் மிச்சம்.

ரெஃபரல்ல வந்தவங்க நிலைச்சு நிப்பாங்கங்கிறது என் அனுபவம் மட்டும் இல்ல. 2011ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில ஜெர்மனியில ஒரு பேங்க்கோட சுமார் 10,000 கஸ்டமர்களை கிட்டத்தட்ட மூணு வருஷம் கவனிச்சாங்க, தெரிஞ்சவங்க சொல்லி வந்தவங்க மத்தவங்களை விட விலகிப் போறது குறைவா இருந்துச்சு, அவங்களால பேங்க்குக்குக் கிடைச்ச மதிப்பும் குறைஞ்சது 16% அதிகம். பேங்க் வேற சலூன் வேற தான், அந்த 16%ஐ உங்க நோட்டுல எழுதிடாதீங்க, ஆனா அதுக்கான காரணம் இங்கயும் பொருந்தும். உங்க கிளையன்ட் தன் தோழியோட முடி எப்படி, கையில எவ்வளவு காசு புழங்குது, எதுக்கு எரிச்சல் படுவாங்கன்னு எல்லாம் தெரிஞ்சு தான் அனுப்புறாங்க, உங்களுக்குப் பொருந்தாத ஆளை அவங்களே வடிகட்டிடுறாங்க. ரீல் அப்படி வடிகட்டாது.

ஆனா அந்த 20 பில் மிச்சத்தை நம்பிடாதீங்க, இதுல ஒரு ஓட்டை இருக்கு. எந்த ஆஃபரும் இல்லாமலே போன மூணு மாசத்துல தோழி சொல்லி எத்தனை பேர் வந்தாங்க? 300 ரெகுலர் இருக்கிற கடையில அது பூஜ்யமா இருக்கவே முடியாது. 6 பேர்னு வெச்சுக்கோங்க. அந்த 6 பேர் எப்படியும் வந்திருப்பாங்க, இப்ப அவங்களுக்கும் ஆளுக்கு 0.4 வீதம் 2.4 பில் சும்மா போகுது. ஆஃபரால உண்மையிலேயே கூடுதலா வந்தது 9 பேர், அவங்க மூலமா 12.6, அதுல இருந்து 2.4ம் கார்டு செலவு 1ம் கழிச்சா 9.2 பில். இன்னும் லாபம் தான், ஆனா 20 இல்ல, அதுல பாதி கூட இல்ல. அதனால ஆஃபர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, போன மூணு மாசத்துல புதுசா வந்தவங்க லிஸ்டை எடுத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டோ மெசேஜ் பண்ணியோ எப்படித் தெரிஞ்சு வந்தீங்கன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, ஒரு நாள் வேலை, ஆனா இது இல்லாம பின்னாடி எந்தக் கணக்கும் நிக்காது.

அடுத்தது அந்த 20% + 20%. உங்க பார்ட்னர் தப்பா சொல்லல, ரெண்டு பக்கமும் குடுக்கணும்ங்கிறது சரி தான். தன் நெருங்கின தோழியைக் கூட்டிட்டு வந்து தான் மட்டும் தள்ளுபடி வாங்கிக்க யாருக்கும் மனசு வராது, ‘நீ என்னை வெச்சு ஆஃபர் வாங்கினியா’ன்னு அவ கேட்டுட்டா என்ன பண்றதுங்கிற சங்கடம் தான் நிறைய ரெஃபரல் கார்டை பர்சுக்குள்ளயே தூங்க வைக்குது. 2007ல வந்த ஒரு ஆராய்ச்சியிலயும் இதே தான் சொல்லியிருந்தாங்க, நெருங்கின உறவுக்குள்ள சிபாரிசு பண்ணும்போது புதுசா வர்றவங்களுக்கும் ஒரு பங்கு போனா தான் நல்லா வேலை செய்யும், லேசான பழக்கம் தான்னா, சொல்றவங்களுக்குக் கிடைக்கிறது தான் தள்ளிவிடும். உங்க ரெகுலர்ஸ் கூட்டிட்டு வரப் போறது அக்கா தங்கச்சி, ஆஃபீஸ் தோழி, எதிர் வீட்டுக்காரங்கன்னு நெருங்கின ஆளுங்களா தான் இருப்பாங்க, அதனால கனமான பகுதி புதுசா வர்றவங்களுக்குப் போகட்டும், கூட்டிட்டு வந்தவங்களுக்கு ஒரு அன்பளிப்பு மாதிரி போகட்டும்.

அதுவும் தள்ளுபடியா வேண்டாம்னு தான் சொல்லுவேன். 20% தள்ளுபடின்னா உங்க கையில நிக்கிற 0.6ல இருந்து நேரா 0.2 போகுது, மூணுல ஒரு பங்கு, அவங்க கண்ணுக்கோ அது வெறும் 20%. அதுக்குப் பதிலா ப்ராடக்ட் செலவு கம்மியா இருந்தும் வெளியில விலை நல்லா இருக்கிற ஒரு சர்வீஸை, ஹேர் ஸ்பா மாதிரி ஒண்ணை, கூட்டமே இல்லாத நாள்லயும் நேரத்துலயும் மட்டும்னு குடுங்க. சும்மா கிடக்கிற சேர் தானே, உங்களுக்கு ஆகுற செலவு 0.1 கூட வராது, அவங்களுக்கு அரை பில் கிடைச்ச சந்தோஷம். இன்னொரு நல்லது, மொத விசிட்டோட விலையை நீங்க குறைச்சுக் காட்டல, ரெண்டாவது தடவை முழு பில்லைப் பார்த்து அவங்க முகம் சுருங்காது. ஆஃபர்ல வந்தவங்க திரும்பி வராம போறதுக்கு நான் பார்த்த வரைக்கும் பெரிய காரணம் இந்த ரெண்டாவது பில் தான்.

கேக்குற விதத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ரெஃபரல் ஓடாத கடைங்கள்ல பெரும்பாலும் ஆஃபர் மோசமா இருக்கிறதில்ல, யாருமே கேக்கிறதில்ல. கவுன்டர்ல ஒரு போர்டு வெச்சுட்டா ஆஃபர் நடக்குதுன்னு நினைச்சுக்கிறாங்க. கேக்க வேண்டிய நேரம் வேலை முடிஞ்சு அவங்க கண்ணாடியில பார்த்து சிரிக்கிறாங்க பாருங்க, அந்த ஒரு நிமிஷம் தான், பில் கட்டும்போது இல்ல, பில் கட்டும்போது மனசு காசுல இருக்கும். கேக்க வேண்டியது வேலை பார்த்த ஸ்டைலிஸ்ட். கையில ரெண்டே ரெண்டு கார்டு, அதுல அந்த கிளையன்ட்டோட பேரை அவங்க முன்னாடியே எழுதி, ‘இது உங்க தோழிங்களுக்கு நீங்க குடுக்கிற மாதிரி, மொத தடவை வரும்போது ஹேர் ஸ்பா எங்க சார்பா’ன்னு குடுக்கணும். பத்து கார்டு கட்டா குடுத்தீங்கன்னா அது நோட்டீஸ் ஆயிடும், ரெண்டு குடுத்தா யாருக்குக் குடுக்கலாம்னு அங்கயே ரெண்டு முகம் மனசுல வரும். கார்டு வேண்டாம் வாட்ஸ்அப்ல அனுப்புங்கன்னு சொல்றவங்களுக்கு ஃபார்வர்ட் பண்ற மாதிரி ஒரு மெசேஜ், அதுலயும் அவங்க பேர் இருக்கணும். தோழி வந்துட்டுப் போன அன்னைக்கே கூட்டி விட்டவங்களுக்கு நன்றி மெசேஜும் அவங்க பங்கும் போயிடணும். அடுத்த மாசம் சேர்த்து தர்றோம்னு இழுத்தா அவங்க இன்னொரு ஆளைச் சொல்ல மாட்டாங்க.

கூகுள்ல ரிவ்யூ போட்டா தள்ளுபடின்னு இதையும் சேர்த்து ஓட்டிடாதீங்க, ரிவ்யூவுக்குப் பரிசு குடுக்கிறது கூகுள் விதியில கிடையாது, போட்ட ரிவ்யூ எல்லாம் தூக்கப்படலாம். இதைப் படிக்கிறவங்க யாராவது டாக்டராவோ வக்கீலாவோ இருந்தா இன்னொண்ணு, ஆள் அனுப்புறதுக்குக் காசு குடுக்கிறது நிறைய இடங்கள்ல அந்தத் தொழில் விதிப்படி தப்பு, இந்த வழியே உங்களுக்கு இல்ல.

ஏமாத்து வேலையும் நடக்கும், பெருசா பயப்பட வேண்டாம், ஆனா கண்ணு வெச்சுக்கோங்க. தானா வந்த புது ஆளை ஸ்டாஃப் தங்களுக்குத் தெரிஞ்சவங்க பேர்ல எழுதிக்கிறது, ரெண்டு வருஷம் முன்னாடி வந்தவங்க வேற போன் நம்பர்ல புதுசுன்னு வர்றது, இந்த ரெண்டும் தான் வழக்கம். புது ஆளோட நம்பரையும் பேரையும் பழைய லிஸ்ட்ல தேடிப் பார்த்துட்டு எழுதுங்க, ஒரே ஸ்டைலிஸ்ட் சேர்ல மட்டும் ரெஃபரல் குவிஞ்சா என்னன்னு விசாரிங்க, ஒருவேளை அவங்க நல்லா கேக்கிறாங்கன்னு கூட இருக்கலாம்.

இவ்வளவு சொல்லிட்டு ரெஃபரலோட எல்லையையும் சொல்லணும், இதை யாரும் முன்னாடியே சொல்றதில்ல. மொத மூணு மாசம் நல்லா ஓடும், ரெண்டாவது மூணு மாசம் பாதியாகும், அப்புறம் படுத்துடும். காரணம் சுலபம், உங்க 300 பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச ஒரு சில வட்டத்துக்குள்ள தான் இருக்காங்க, ஒரு அபார்ட்மென்ட், ஒரு ஆஃபீஸ், ஒரு ஸ்கூல் வாசல்ல நிக்கிற அம்மாங்க. அந்த வட்டத்துல வர வேண்டியவங்க வந்துட்டா கார்டு போற இடம் எல்லாம் ஏற்கனவே உங்ககிட்ட வர்ற ஆளுங்க தான். இதை எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னா, கார்டுல கூட்டிட்டு வந்தவங்க பேர்ல அதே எட்டு பத்து பேர் திரும்பத் திரும்ப வருவாங்க, புதுசா வர்றவங்க சொல்ற ஏரியாவும் அதே ரெண்டு மூணா இருக்கும். அப்ப ஆஃபரைப் பெருசு பண்ணாதீங்க, அது எதையும் மாத்தாது. உங்க ஆளுங்க யாருமே இல்லாத ஒரு வட்டத்துக்குள்ள யாராவது உங்களைக் கொண்டு போய் விடணும், அதுக்குத் தான் இன்ஃப்ளூயன்சர்.

ஆனா 40,000 ஃபாலோயர்ஸ் ஆள் இல்ல. உங்க ஊர்லயே இருந்துகிட்டு ஊர் விஷயத்தையே போடுற, 5,000 6,000 ஃபாலோயர்ஸ் இருக்கிற ஒருத்தரைத் தேடுங்க, ஜிம்ல ட்ரெயினரா இருக்கலாம், டான்ஸ் சொல்லிக் குடுக்கலாம், காலேஜ்ல படிக்கலாம். நடு ரீச் 3,000, அதுல ஊர் பங்கு 70%ன்னா 2,100 பேர், பாதியைக் கழிச்சா 1,050. 40,000 ஆளோட கணக்குல நமக்குக் கிடைச்சது 1,200, ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதே கண்ணுங்க. இவங்க கேக்கிறது 3 பில்லும் ஒரு சர்வீஸும்னு வெச்சா செலவு 5. நூத்துக்கு ஒருத்தர் வீதம் 10 பேர் வந்தா 10 பில், 5 மிச்சம், அதுவும் இந்த 10 பேரும் உங்க ரெகுலர்ஸுக்குத் தெரியாத ஆளுங்களா இருக்க வாய்ப்பு அதிகம், அதுல நிலைச்சு நிக்கிற ரெண்டு பேர்கிட்ட போற ரெஃபரல் கார்டு புது வட்டத்துக்குள்ள போகும். அதனால தான் 5ங்கிற நம்பர் சின்னதா தெரிஞ்சாலும் நான் அதை விடச் சொல்ல மாட்டேன்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கமென்ட்டை உக்காந்து படிங்க. வெறும் ஹார்ட்டும் நெருப்பும் இருந்தா அது நண்பர்கள் கடமைக்குப் போடுறது. ‘இது எங்க இருக்கு, ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா, எவ்வளவு ஆச்சு’ன்னு கேள்வி இருந்தா, அவங்க சொல்ற இடத்துக்கு ஆளுங்க உண்மையிலேயே போறாங்கன்னு அர்த்தம். அவங்க போன தடவை போட்ட கடைக்கு ஒரு போன் போட்டு எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டீங்கன்னா இன்னும் நல்லது. பேசி முடிக்கும்போது வாய்ப்பேச்சா விடாம மெசேஜ்லயாவது எழுதிக்கோங்க: எந்த நாள் போடுவாங்க, ஸ்டோரியில புக்கிங் லிங்க் இருக்கணும், ரீல்ல உங்க ஊர் லொக்கேஷன் டேக் இருக்கணும், குறைஞ்சது ஆறு மாசம் ரீலை எடுக்கக் கூடாது, அந்த வீடியோவை நீங்களும் உங்க பக்கத்துல போட்டுக்கலாம், Paid partnership லேபிள் போடணும். ஃப்ரீ சர்வீஸ் மட்டும் குடுத்தாலும் அந்த லேபிள் வேணும், அதை மறைச்சு ஊர்ல தெரிஞ்சா கெட்ட பேர் உங்களுக்குத் தான். நாள் குறிக்கும்போது அடுத்த ஏழு நாள்ல உங்ககிட்ட காலி ஸ்லாட் இருக்கான்னு பாருங்க, ஏன்னா ஒரு போஸ்ட்டோட வேகம் ரெண்டு மூணு நாள் தான், அந்த ரெண்டு நாள்ல போன் எடுக்க ஆள் இல்லைன்னாலோ, பத்து நாள் கழிச்சு தான் அப்பாயின்ட்மென்ட்னு சொன்னாலோ அந்த 10 பேர் 4 ஆயிடுவாங்க.

எழுதி வைக்கிற விதத்தையும் சொல்லிடுறேன். அப்பாயின்ட்மென்ட் நோட்டுல புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு கட்டம் சேருங்க, ஒண்ணு ‘எப்படித் தெரிஞ்சது’, இன்னொண்ணு ‘ரெண்டாவது விசிட் தேதி’. கேள்வியைத் திறந்த மாதிரி கேளுங்க, ‘இன்ஸ்டாவுல பார்த்து வந்தீங்களா’ன்னு கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கோட் சொல்றதை மட்டும் நம்பாதீங்க, தள்ளுபடி கோட் வாட்ஸ்அப் குரூப்ல சுத்தி ரீலே பார்க்காதவங்களும் சொல்லுவாங்க. தோழியும் சொன்னா ரீலும் பார்த்தேன்னு சொன்னாங்கன்னா ரெண்டையும் எழுதிட்டு, எது இல்லைன்னா வந்திருக்க மாட்டீங்கன்னு ஒரு கேள்வி கேட்டு அதுல கணக்கு வைங்க. தீர்ப்பு சொல்றது ரெண்டாவது கட்டம் தான், 90 நாளைக்குள்ள ரெண்டாவது தேதி விழுந்தவங்க மட்டும் புது கிளையன்ட், மத்தவங்க வந்துட்டுப் போனவங்க. 90 நாள் ஆனதும் ஒவ்வொரு வழிக்கும் செலவான பில்லை, ரெண்டாவது தேதி இருக்கிறவங்க எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. என் மாதிரி கணக்குல பெரிய இன்ஃப்ளூயன்சருக்கு 12 பேர்ல 2 பேர் நின்னா தள்ளுபடியைச் சேர்க்காமலே ஆளுக்கு 11 பில், சின்ன ஆளுக்கு 10ல 2 பேருக்கு 2.5 பில். ரெஃபரல்ல சும்மா வந்திருக்கக் கூடிய 6 பேரைக் கழிச்சும் 9ல 3 அல்லது 4 பேர் நிப்பாங்க, 20% + 20%யே குடுத்திருந்தாலும் தள்ளுபடியும் கார்டும் சேர்த்து 7 பில், ஆளுக்கு சுமார் 2 பில்.

உங்ககிட்ட பேசின அந்தப் பொண்ணுக்கு மறுப்பு சொல்ல வேண்டாம், இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்க: ‘உங்க வீடியோஸ் பார்த்தோம், நல்லா இருக்கு. எங்களுக்கு ஊருக்குள்ள இருந்து வர்றவங்க தான் முக்கியம், அதனால Top locations-ம் கடைசி பத்து ரீலோட ரீச்சும் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கா அனுப்ப முடியுமா? ரீல் இல்லாம மூணு ஸ்டோரி மட்டும் போட்டா, கலரிங்கோட 4 பில் அளவு பணமும், உங்க பேர் சொல்லி வர்ற ஒவ்வொருத்தருக்கும் கால் பில்லும் தர்றோம்.’ ஆள் வந்தா தான் ஒரு பகுதி காசுங்கிறதால அவங்களையும் ஒரு ரெஃபரல் கிளையன்ட் மாதிரி தான் நடத்துறீங்க, உங்க ரிஸ்க் 22ல இருந்து 6 பில்லா குறையும். ரெக்கார்டிங்ல உங்க ஊர் 30%க்கு மேல இருந்து அவங்களும் இதுக்கு ஒத்துக்கிட்டா தாராளமா பண்ணுங்க. ரெக்கார்டிங் அனுப்ப யோசிச்சாங்கன்னாலோ முழுப் பணமும் முன்கூட்டியே வேணும்னாலோ நன்றி சொல்லிட்டு, இந்த வாரமே ஸ்டைலிஸ்ட்டுங்க நாலு பேரையும் உக்கார வெச்சு அந்தக் கார்டை எப்படிக் குடுக்கணும்னு சொல்லிக் குடுத்து ஆரம்பிச்சுடுங்க.